மேனேஜர் ரெஸ்யூமேவில் ஒரு வரிக்காக இரண்டு வாரம்

என்ஜினியரிங் மேனேஜராக 4 வருடம் இருந்துவிட்டு வேலை மாற முயன்றபோது, ஒரே ரெஸ்யூமேவுக்கு இரண்டு நேர்மாறான பதில்கள் வந்தன. ஓரிடத்தில், "டெக்னிக்கலாக இறங்கி வேலை பார்க்கும் ஆள் வேண்டும்" என்றார்கள். இன்னோரிடத்தில், "டீம் நடத்திய மாதிரியே தெரியவில்லை" என்றார்கள்.

என் பழைய மேனேஜரிடம் அதைக் கொடுத்தேன். பேனாவை எடுத்து ஒரு வரியை மட்டும் வட்டமிட்டார்: "9 பேர் கொண்ட டீமை வழிநடத்தி, ஆர்டர் சிஸ்டத்தை வெற்றிகரமாகப் புதுப்பித்தேன்." அப்புறம் கேட்டார்: "உங்க பக்கத்து டீம் மேனேஜரும் இதே வரியை எழுதலாமே. இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

பதில் சொல்ல முடியவில்லை. நடந்ததை முதலில் முழுதாக எழுதிப் பார்க்கச் சொன்னார். எழுதினேன். எங்கள் சிஸ்டம் ஆர்டரை டேட்டாபேஸில் சேமித்துவிட்டு, அடுத்த படியாக காஃப்காவுக்கு ஒரு செய்தி அனுப்பும். இந்த இரண்டுக்கும் நடுவில் சர்வர் விழுந்தால் ஆர்டர் இருக்கும், செய்தி போயிருக்காது. கிடங்குக்குத் தகவலே தெரியாது. வாரத்துக்கு 30 ஆர்டர் போல இப்படிச் சிக்கி, அவற்றைக் கையால் சரிசெய்துகொண்டிருந்தோம். செய்தியையும் ஆர்டரோடு ஒரே டிரான்ஸாக்‌ஷனில் ஒரு அவுட்பாக்ஸ் டேபிளில் எழுதி, தனி ப்ராசஸ் அதை எடுத்து அனுப்பட்டும் என்று நான்தான் சொன்னேன். மாதிரியையும் நானே எழுதிக் காட்டினேன். பிராடக்‌ஷனுக்குப் போன கோட், டீமில் இருந்த ஒரு டெவலப்பர் முன்னின்று எழுதியது. ஒரே செய்தி இரண்டு முறை வரலாம் என்பதால், வாங்கும் பக்கம் அதைத் தாங்க வேண்டும் என்பதை டிசைன் ரிவ்யூவில் பிடித்ததும் அவர்தான்.

இதைச் சுருக்கிச் சுருக்கி, கடைசியில் இப்படி வந்தது: "ஆர்டர் செய்திகள் தொலைவதைத் தடுக்க அவுட்பாக்ஸ் முறையை முன்மொழிந்து மாதிரி எழுதினேன், 3 பேர் 4 மாதத்தில் முடித்தார்கள், கையால் சரிசெய்யும் ஆர்டர்கள் வாரத்துக்கு 30இலிருந்து 2க்குக் குறைந்தன." எனக்கு இந்த வரி ரொம்பப் பிடிக்கும். எந்த வேலை என்னுடையது, எது டீமுடையது என்பது அதிலேயே பிரிந்து நிற்கிறது.

இதை எழுதியதும், ரெஸ்யூமேவின் அடியில் இருந்த 22 டெக்னாலஜி பெயர்களில் பாதியை வெட்டினேன். கேள்வி வந்தால் பலகை முன்னால் நின்று 10 நிமிடம் பேச முடியாத எதையும் வைக்கவில்லை. "தினமும் கோட் எழுதுகிறேன்" என்று போடவும் மனம் வரவில்லை, அது உண்மையும் இல்லை. டிசைன் ரிவ்யூ, மாதத்தில் ஒரு வாரம் ஆன்-கால், அவசரமில்லாத சின்னத் திருத்தங்கள் என்று செய்வதை மட்டும் எழுதினேன்.

ஆள் எடுத்த வரி எளிதாகத் தோன்றியது, ஆனால் அதிலும் ஓட்டை இருந்தது. "6 பேரை வேலைக்கு எடுத்தேன்" என்றுதான் இருந்தது. எடுத்தவர்கள் நிலைத்தார்களா என்பதுதான் படிப்பவருக்கு வேண்டியது. ஒரு வருடம் கழித்தும் 5 பேர் இருந்தார்கள். புதிர்க் கேள்வி ரவுண்டை நீக்கி, குறை உள்ள ஒரு சின்னக் கோட் தந்து ரிவ்யூ செய்யச் சொல்லும் ரவுண்டை நான் கொண்டுவந்ததையும் சேர்த்தேன். அவர்களைத் தேடித் தந்தது ரெக்ரூட்டர். அதனால் "எடுத்தேன்" என்பதை "தேர்வு முறையை மாற்றி, 6 பேரைத் தேர்ந்தெடுத்த குழுவை நடத்தினேன்" என்று திருத்தினேன்.

வழிகாட்டியதைச் சொல்வது அதைவிடச் சிரமம். "பலருக்கு மென்டராக இருந்தேன்" என்றால் ஒன்றுமே தெரியாது. 2 பேர் சீனியர் ஆனார்கள் என்று மட்டும் போட்டால், நான் இல்லாமலும் ஆகியிருப்பார்களே என்று கேட்கலாம். அதில் ஒருவர்தான் அந்த அவுட்பாக்ஸை எழுதியவர். வேலையைப் பிரித்துக் கொடுக்காமல், டிசைன் ஆவணத்திலிருந்து வெளியீடு வரை முழுப் பொறுப்பையும் அவரிடம் விட்டிருந்தேன். அடுத்த மதிப்பீட்டில் அவர் பதவி உயர்வுக்குச் சான்றாக வைத்தது அதைத்தான். அதனால் பெயர் போடாமல், அவர் வரியை அவுட்பாக்ஸ் வரிக்கு நேர் கீழே வைத்தேன்.

அடுத்த நேர்காணலில் முதல் கேள்வியே அந்த வரியிலிருந்து வந்தது: "டேட்டாபேஸ் லாக்கை நேரடியாகப் படித்து அனுப்பியிருக்கலாமே, எதற்கு அவுட்பாக்ஸ்?" லாக்கை அப்படியே படித்தால் எங்கள் டேபிள் அமைப்பு மற்ற டீம்களுக்குத் தெரிந்துவிடும், டேபிளின் ஒரு நெடுவரிசையை மாற்றினாலும் அவர்கள் பக்கம் உடையும் என்று சொன்னேன். பேச்சு 40 நிமிடம் போனது. பிறகு நேர்காணல் எடுத்தவர் கேட்டது, அதை எழுதிய டெவலப்பரை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று.