பகிர்ந்த படங்கள்: கோத்தகிரி நாட்குறிப்பு

மே 26
மதியம் கைபேசியின் நினைவுகள் பகுதி ஒரு பழைய படத்தைக் காட்டியது. குன்னூர் சிம்ஸ் பூங்காவின் பழக் கண்காட்சி. இப்போது பிரிந்து வாழும் என் கணவரின் தோளில் மகள், கையில் பேரிக்காய். வெகுநேரம் வேலை ஓடவில்லை. "எல்லாவற்றையும் அழித்துவிடு கண்ணு" என்கிறார் அம்மா. முடியாது. அந்தப் படங்களில்தான் என் மகளின் குழந்தைப் பருவம் இருக்கிறது.

மே 28
மகள் பிறந்தபோது கூகுள் போட்டோஸில், ஒருவர் படங்களை மற்றவருக்குத் தானாகக் காட்டும் Partner sharing தொடங்கினோம். பெரும்பாலான படங்களை எடுத்தவர் அவர். அவை அவருடைய கணக்கில் இருக்கின்றன. சேமிக்காத வரை என்னால் பார்க்க மட்டுமே முடியும். நான் சேமிக்காதவை, பகிர்வு நின்றதும் என் கண்ணிலிருந்து போய்விடும். ஆகவே முதலில் சேமிப்பு, பிறகுதான் துண்டிப்பு.

குறிப்பிட்ட முகம் உள்ள படங்களைத் தானாகச் சேமிக்கும் வசதி உண்டு. மகளின் முகத்தைத் தேர்ந்தெடுத்தேன். குரங்குக் குல்லாயில் முகம் பாதி மறைந்தவையும், முதுகு காட்டி நடப்பவையும் விடுபட்டன. அவற்றை மாதம் மாதமாகப் பார்த்துக் கையால் சேர்த்தேன். அவர் மட்டும் உள்ள படங்களைத் தொடவில்லை. சேமித்தவை என் 15 ஜிபி இடத்தில்தான் அமரும், ஆனால் நாளை அவர் மூலப்படத்தை அழித்தாலும் என்னுடையது நிற்கும்.

மே 31
என்னை உறுத்தியது மறுதிசை. நான் எடுக்கும் படங்களும் அவருக்குப் போய்க்கொண்டிருக்கின்றன: இந்த வாடகை வீடு, பள்ளி வாசல், வந்துபோகும் தோழிகள். இதை நிறுத்தியே ஆக வேண்டும். எனினும் சொல்லாமல் நிறுத்துவது நியாயமில்லை. மகள் அவருக்கும் மகள். வேண்டியவற்றைச் சேமித்துக்கொள்ளச் சொல்லிச் செய்தி அனுப்பினேன். "ஞாயிறு வரை பொறு" என்று பதில் வந்தது. பொறுக்கிறேன். அவர் சேமித்தவற்றைத் திரும்பப் பெற எனக்கு வழியில்லை, அதைக் கேட்கவும் போவதில்லை.

ஜூன் 8
நேற்று இரவு இரு திசையிலும் பகிர்வு நின்றது. இன்று நினைவுகளுக்கான அமைப்பில் அவர் முகத்தையும் திருமண நாளையும் மறைத்தேன். படங்கள் அழியவில்லை, தேடினால் கிடைக்கும். தானாக எதிரில் வந்து நிற்காது, அவ்வளவுதான். முகம் சரியாக அடையாளம் காணப்படாத படம் எப்போதாவது நழுவி வரலாம். இந்த மறைப்பு என் கணக்குக்கு மட்டும் என்பதால், அம்மாவின் கைபேசியிலும் தனியாகச் செய்து கொடுத்தேன்.

ஜூன் 11
திருமணப் படங்கள் மிச்சம். அவற்றில்தான் தாத்தாவின் கடைசிச் சிரிப்பு இருக்கிறது. நீக்கினால் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், பிறகு மீளாது. அந்தக் கெடுவுக்குள் மனம் தெளியும் என்று நான் நம்பவில்லை. முழுத்தொகுப்பையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, சில கோப்புகளைத் திறந்து சரிபார்த்தேன். சனிக்கிழமை ஊட்டியில் அண்ணனிடம் கொடுக்கிறேன். அதன் பிறகே கணக்கிலிருந்து நீக்குவேன். தாத்தா இருக்கும் படங்களை மட்டும் வைத்துக்கொள்வேன், அவற்றில் அவரும் நின்றாலும்.