வைவாவில் 2,3-பிபிஜி: எண்களோடு பதில் சொல்லுங்கள்

புதுச்சேரியில் முதலாண்டு எம்.பி.பி.எஸ். உயிர்வேதியியல் தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இது. பிபிஜி என்றதும் "வளைவை வலப்பக்கம் தள்ளும்" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். என் வைவாவில் மேடம் கேட்டது இப்படி: "ரத்த வங்கியில் மூணு வாரம் இருந்த பை. ஹீமோகுளோபின் அப்படியேதான் இருக்கு. அப்புறம் என்ன குறை?"

ஆக்சிஜனை விட்ட ஹீமோகுளோபினின் நடுவே, இரண்டு பீட்டா சங்கிலிகளுக்கு இடையில் ஒரு குழி இருக்கிறது. எதிர்மின்சுமை நிறைந்த பிபிஜி அதில் போய் உட்கார்ந்து, அந்த வடிவத்தை நிலைநிறுத்துகிறது. அதனால்தான் ஆக்சிஜன் எளிதாகக் கழலுகிறது. குளிர்பெட்டியில் பையின் பிஎச் மெல்லக் குறையும். அப்போது பிபிஜி உருவாவது தடைபட்டு, சிதைவது கூடுகிறது. ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பெரும்பகுதி போய்விடும்.

இங்கே தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள். ஹில் எண் 2.7, நுரையீரலில் ஆக்சிஜன் அழுத்தம் 100 மி.மீ. பாதரசம், திசுவில் 40 என்று கொள்வோம். பி50 வழக்கமான 27 என்றால், ஹீமோகுளோபினின் ஆக்சிஜன் செறிவு 97 சதவீதத்திலிருந்து 74-க்கு இறங்கும்; திசுவுக்கு 23 கிடைத்தது. பிபிஜி தீர்ந்து பி50 18 ஆனால், 99-லிருந்து 90 வரைதான் இறங்கும்; கிடைப்பது வெறும் 9. சுமை முழுசாக ஏறுகிறது, இறக்கத்தான் மறுக்கிறது. மேடத்துக்கு வேண்டியிருந்தது இந்த 23-க்கும் 9-க்கும் உள்ள வித்தியாசம்தான்.

அடுத்து, "பையில் பிபிஜியையே ஊற்றினால் என்ன?" என்பார்கள். அது சவ்வைத் தாண்டாது. இனோசின் தாண்டும். உள்ளே போனபின் அதன் ரைபோஸ், பென்டோஸ் பாஸ்பேட் பாதை வழியாக கிளைகாலிசிஸுக்குள் நுழைந்து பிபிஜியாகும்.

நீடித்த ஆக்சிஜன் குறைவில் கதை நேர்மாறு. கடலூரிலிருந்து வரும் நாள்பட்ட நுரையீரல் நோயாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் கூடக்கூட அது பிபிஜியைப் பிடித்துக்கொள்கிறது; செல்லில் கட்டுப்படாத பிபிஜி குறைவதால், அதைத் தயாரிக்கும் என்சைமின் மேலிருந்த தடை தளர்ந்து உற்பத்தி ஏறுகிறது. மலையேறுபவருக்கு வேகமாக மூச்சு வாங்குவதால் வரும் காரத்தன்மையும் இதற்கு உதவும். ஆனால் நுரையீரலிலேயே அழுத்தம் மிகவும் தாழ்ந்துவிட்டால், வலப்பக்க நகர்வு ஆக்சிஜன் ஏறுவதைக் கெடுக்கும். இதையும் சேர்த்துச் சொன்னால்தான் பதில் முழுமை.

சரி, பழைய ரத்தம் ஆபத்தா? அப்படி எழுதிவிடாதீர்கள். அந்த 9 என்பது திசு அழுத்தம் 40-லேயே நின்றால் வரும் எண். உடலில் அது இன்னும் இறங்கி, கூடுதல் ஆக்சிஜன் கழலும். ஏற்றிய செல்கள் ஒரு நாளிலேயே பிபிஜியைக் கணிசமாக மீட்டு, இரண்டு மூன்று நாளில் இயல்புக்கு வந்துவிடும். கவலை எழுவது, பெரிய ரத்தப்போக்கில் குறுகிய நேரத்தில் பை மேல் பை ஏற்றும்போதுதான். பெரிய ஒப்பீட்டு ஆய்வுகளிலும், புதிய ரத்தம் கொடுத்ததால் மரணம் குறைந்ததாகத் தெரியவில்லை.