எந்த லைட்?

“இன்டர்ஃபியரன்ஸ் செக் லைட்லயே ஓட்டிடட்டுமா அண்ணா?” என்று ஆபீஸ் தம்பி கேட்டான். பாகங்கள் ஒன்றோடொன்று இடிக்கிறதா என்று கம்ப்யூட்டர் மாடலில் பார்க்கும் சோதனை அது. நான் என் திரையை விட்டுத் தலையைத் திருப்பாமல் “ஓட்டிடு, போதும்” என்றேன். இரண்டு நொடிகூட இருக்காது. எட்டு மாதமாகியும் அது மனதை விட்டுப் போகவில்லை.

அந்த கன்வேயர் அசெம்பிளி திறக்கவே பதினெட்டு நிமிடம் ஆகும். திறந்த பிறகு சுழற்றினால் திரை விட்டு விட்டு நகரும். வேகப்படுத்தும் வேலையை நானே கையில் எடுத்தேன். முதலில் எல்லா பாகங்களையும் Lightweight-இல் திறக்க வைத்தேன். நாங்கள் மாடல் வரையும் சாலிட்வொர்க்ஸ் மென்பொருள் அப்போது பாகத்தின் வடிவத்தை மட்டும் ஏற்றும். அது எப்படி உருவானது என்ற ஃபீச்சர் விவரத்தைத் தேவைப்படும்போதுதான் எடுக்கும். நேரம் பதினொரு நிமிடத்துக்கு வந்தது. இன்னும் எது இழுக்கிறது என்று Performance Evaluation-இல் பார்த்தால், கியர் மோட்டார். விற்பவர் தளத்திலிருந்து இறக்கியது; உள்ளே பல்சக்கரம், பேரிங், சர்க்ளிப் என்று நூற்று நாற்பது பாகம். லைனில் பன்னிரண்டு மோட்டார். யாரும் பார்க்கப்போகாத பாகங்கள் ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம்! வெளிமுகங்களை மட்டும் ஒரே பாகமாகச் சேமித்து, எடையைக் கையால் போட்டுவிட்டேன். வெறும் வெளித்தோலுக்கு எடை வராது என்பதால் அதை மறக்கக் கூடாது. ஏழு நிமிடம்.

கடைசியாக Simplified என்று ஒரு கான்ஃபிகரேஷன், அதே மாடலின் இன்னொரு வடிவம். அதில் போல்ட், நட், வாஷர் எல்லாம் சப்ரஸ், அதாவது மாடலில் ஏறவே ஏறாது. மூன்று நிமிடத்துக்குள் திறந்தது. அன்று டீக்குப் போனபோது எனக்குப் பெருமைதான், மறைப்பானேன்.

சிக்கல் என்னவென்றால், ஆபீஸில் இரண்டையுமே ‘லைட்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். Lightweight-இல் போல்ட் இருக்கிறது, அதன் முகங்களும் இருக்கின்றன, இன்டர்ஃபியரன்ஸ் செக்கில் அது கணக்கில் வரும். Simplified-இல் போல்ட்டே இல்லை. இல்லாத ஒன்று எதில் போய் இடிக்கும்? அவன் கேட்டது இரண்டாவதை. என் காதில் விழுந்தது முதலாவது. முதலாவதற்கு என் பதில் சரிதான் என்று இன்றும் வாதாடுவேன்.

ரிசல்ட் பூஜ்ஜியம் என்று வந்தது. டிராயிங்கும் பாகப் பட்டியலான பி.ஓ.எம்.மும் போல்ட் எல்லாம் உள்ள Default கான்ஃபிகரேஷனைப் பார்த்தவை என்பதால் போல்ட்டுகள் எண்ணிக்கை பிசகாமல் வாங்கப்பட்டு வந்தன. டிரையலில் லிஃப்டர் பிளேட் மேலே ஏறும்போது டங் என்று சத்தம். பாதுகாப்பு கார்டு பிராக்கெட்டுக்கும் பிளேட்டுக்கும் இடையே 5 மி.மீ. இடைவெளி, அங்கே நீட்டிக்கொண்டிருந்த எம்10 போல்ட் தலையின் உயரம் 6.4 மி.மீ. ஆறு இடம். ஃபிட்டர் அண்ணன் எதுவும் பேசாமல், இடித்துப் பளபளத்திருந்த போல்ட் தலையைக் கழற்றி என் கையில் வைத்தார். கவுன்டர்சங்க் போட்டுத் தலையை அமுக்க அரைநாள் போனது. மீட்டிங்கில் தம்பி, “நான்தான் சரியா பாக்கல சார்” என்றான். நான் குறுக்கிடவில்லை.

போல்ட்டோடு செக் ஓட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எம்10 போல்ட்டுக்கு 8.5 துளை போட்டு டேப் அடிப்பதாக மாடல் செய்திருப்போம். போல்ட்டை முழு 10 ஆக வரைந்திருப்போம். ஒவ்வொரு மரையும் ஒரு இடிப்பாகக் காட்டும். எங்களுக்கு எண்ணூறுக்கு மேல் வரும், அதில் உண்மையானதை யார் தேடுவது? அதனால்தான் போல்ட்டைத் தூக்கினோம். ஆனால் Create fasteners folder என்று அங்கேயே ஒரு டிக் இருக்கிறது, போல்ட் சம்பந்தப்பட்டதைத் தனியே ஒதுக்கித் தரும். அதையும் சும்மா ஒதுக்கிவிடாமல் திறந்து பார்க்க வேண்டும். டிக் இருப்பது எனக்குத் தெரியும். அவனுக்குச் சொல்லித்தரவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. மாடலில் லிஃப்டர் கீழே நின்றது. இன்டர்ஃபியரன்ஸ் செக் நிற்கும் நிலையை மட்டுமே பார்க்கும். Default-இல் ஓட்டியிருந்தாலும், பிளேட்டை மேலே நகர்த்தி வைக்காதவரை இந்த இடிப்பு வந்திருக்காது. அப்படியென்றால் என் ‘ஓட்டிடு’ காரணமே இல்லையோ? இதை நினைத்து ஓரிரவு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் வேறு மாதிரி தோன்றியது: என்ன கேட்கிறான் என்று திரும்பிப் பார்த்திருந்தால், லிஃப்டரை மேலே ஏற்றிப் பார் என்று நானே சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா? தெரியவில்லை.

Simplified என்ற பெயரை NO_BOLTS என்று மாற்றிவிட்டேன். தம்பி அதைத் தொடுவதில்லை. எல்லாவற்றையும் Default-இல், Lightweight இல்லாமல் முழு விவரத்தோடு ரிசால்வ் செய்து திறக்கிறான். செக்குக்கு நாற்பது நிமிடம் ஆகிறது, அதுவரை போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நேற்று மேனேஜர் என்னிடம் வந்து, “ஏன்பா அவன் மெஷின் மட்டும் இவ்வளவு ஸ்லோவா இருக்கு? நீ கொஞ்சம் பாரேன்” என்றார்.