வங்கிக் கடிதத்தில் நான் எழுத மறுத்த ஒரு வரி

2022-இல் ஓர் இரண்டாம் சனிக்கிழமை. காலையில் எழுந்து போனைப் பார்த்தால், இரவு 2:14-க்கும் 2:16-க்கும் வந்த இரண்டு குறுஞ்செய்திகள். ஏதோ ஒரு வெளிநாட்டு இணையக் கடையில் என் டெபிட் கார்டிலிருந்து 9,400 ரூபாயும் 11,250 ரூபாயும் போயிருந்தன. கார்டு என் பர்ஸில்தான் இருந்தது. ஓடிபி எதுவும் வரவில்லை. வெளிநாட்டுக் கடைகள் பலவற்றில் அது கேட்கவே மாட்டார்கள். கார்டு விவரம் கிடைத்தால் போதும்.

கார்டின் பின்பக்கம் இருந்த எண்ணுக்கு 5:50-க்கு அழைத்து பிளாக் செய்யச் சொன்னேன். புகார் எண்ணைக் கேட்டு, நேரத்தோடு நோட்டில் எழுதிக்கொண்டேன். அப்புறம் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கும் சொல்லி வைத்தேன்.

திங்கட்கிழமை கிளைக்குப் போனேன். அங்கிருந்த அலுவலர் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "கவனக்குறைவா கார்டு விவரம் வெளியே போயிடுச்சுன்னு எழுதுங்க சார், சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றார். பேனா அந்த இடத்தில் நின்றுவிட்டது. அப்போது நடைமுறையில் இருந்த ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரே விவரத்தைப் பகிர்ந்திருந்தால், புகார் சொல்லும்வரை போன பணம் முழுவதும் அவர் தலையில்தான். தவறு வங்கியிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை என்றால், தகவல் வந்த நாளைத் தவிர்த்து மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்குப் பொறுப்பே கிடையாது. நான்கிலிருந்து ஏழு நாள் ஆகியிருந்தால், சாதாரண சேமிப்புக் கணக்கில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 10,000 வரை நாம் ஏற்க வேண்டும். என் கணக்கில் அது 9,400-உம் 10,000-உம் சேர்த்து 19,400 ஆகியிருக்கும். திரும்பக் கிடைப்பது வெறும் 1,250.

நான் செய்யாத தவறை ஒப்புக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டு, நானே இப்படி எழுதினேன்:

"கடைசி நான்கு இலக்கம் மட்டும் குறிப்பிட்டுள்ள என் கார்டில் கீழ்க்கண்ட இரண்டு பரிவர்த்தனைகளும் நான் செய்தவையோ அனுமதித்தவையோ அல்ல. அப்போது கார்டு என்னிடமே இருந்தது. பின் நம்பர், சிவிவி, ஓடிபி எதையும் யாரிடமும் பகிரவில்லை. ஓடிபி எதுவும் வரவில்லை. குறுஞ்செய்தி சனிக்கிழமை 2:14, 2:16-க்கு வந்தது. அன்றே 5:50-க்குத் தொலைபேசியில் தெரிவித்துப் புகார் எண் பெற்றேன். 2017 சுற்றறிக்கைப்படி பத்து வேலை நாளுக்குள் தொகையைக் கணக்கில் வரவு வைக்கவும்."

தொகை, நேரம், கடையின் பெயர் மூன்றையும் குறுஞ்செய்தியில் இருந்தபடியே எழுதினேன். குறுஞ்செய்திகளின் படங்களையும் இணைத்தேன். நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டேன். அதே கடிதத்தை மின்னஞ்சலிலும் அனுப்பினேன்.

நீங்கள் உண்மையிலேயே ஓடிபி சொல்லியிருந்தால் அதை மறைத்து எழுதாதீர்கள். அப்போதும் புகார் நேரம் முக்கியம், ஏனென்றால் அதற்குப் பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு.

எட்டாவது வேலை நாளில் 20,650 ரூபாய் தற்காலிக வரவாக வந்தது. இரண்டு மாதத்தில் விசாரணை முடிந்து, வரவை உறுதிசெய்து கடிதம் அனுப்பினார்கள்.