ஐம்பத்து நாலு

ஜனவரி 19
மூடுபனி. முதல் பீரியடுக்குப் பாதி வகுப்புதான் வந்தது.

ஜனவரி 20
பிரீ-போர்டு கணக்குத்தாள் திருத்தி முடித்தேன். பழைய படகுக் கணக்குதான். நிலைநீரில் படகின் வேகம் மணிக்கு 18 கி.மீ.; 24 கி.மீ. எதிரோட்டத்தில் போக, திரும்பி வருவதைவிட 1 மணி நேரம் கூடுதல். ஓட்டத்தின் வேகம் என்ன? பதினோரு பேர் 54 என்று எழுதி, கட்டம் வேறு போட்டிருக்கிறார்கள். 18-இல் போகும் படகு 54-ஐ எதிர்த்து எப்படிப் போகும்?

ஜனவரி 21
பதினோரு தாளையும் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். காரணிப்படுத்தியதில் ஒருவர்கூடத் தப்பு செய்யவில்லை. தப்பு முதல் வரியிலேயே இருக்கிறது:

24/(18+x) − 24/(18−x) = 1

இது x² − 48x − 324 = 0 ஆகி, 54, −6 என்று வருகிறது. குறையை விட்டுவிட்டு 54-ஐ எடுத்துக்கொண்டார்கள். வரிசையை மாற்றினால் x² + 48x − 324 = 0, விடை 6. நான் இதுவரை "காரணிப்படுத்திப் பழகு" என்றே தாளில் எழுதிக்கொண்டிருந்தேன். தப்பான மருந்து.

ஜனவரி 22
அம்மாவுக்கு இருமல் குறையவில்லை.

ஜனவரி 23
காவ்யாவிடம் ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டேன். "பெருசுலேர்ந்துதானே சின்னதைக் கழிக்கணும் மேம்? 18+x பெருசு." அவள் கழித்தது வேகத்தை அல்ல, நேரத்தை. கீழே இருக்கும் எண் பெரிதானால் நேரம் குறையும் என்பதை யாரும் அவளுக்குக் கையில் எடுத்துக் காட்டவில்லை. நானும்தான்.

ஜனவரி 27
இன்று ஜோடி போட்டேன், சரியாக வரவில்லை. நன்றாகப் படிக்கிறவனைப் பக்கத்தில் உட்கார வைத்தால் பென்சில் அவன் கைக்குப் போய்விடுகிறது. மற்றவள் தலையாட்டிக்கொண்டு பார்க்கிறாள்.

இரவு திட்டத்தை மாற்றி எழுதினேன். முதல் பத்து நிமிடம் பலகையில் அந்தத் தப்பு வரியும் 54-உம் மட்டும், பெயர் கிடையாது. இந்த விடை ஏன் நடக்காது என்று அவர்களே சொல்லட்டும். அடுத்த இருபது நிமிடம் ஜோடி. சொல்லித்தருவது போன வாரம் இதே தப்பைச் செய்து திருத்திக்கொண்டவர்கள். பென்சிலைத் தொடக்கூடாது, கேள்வி மட்டும்தான் கேட்கலாம். x வருமுன் ஓட்டம் 2 என்று வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்: 24/16 ஒன்றரை மணி, 24/20 ஒரு மணி பன்னிரண்டு நிமிடம். எது கூட? மிச்சமிருக்கும் பத்து நிமிடத்துக்கு ரயில் கணக்கு, தனியாக.

ஜனவரி 29
காவ்யாதான் சொல்லிக்கொடுத்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எதுக்கு நேரம் ஜாஸ்தி ஆகும், அதைச் சொல்லு முதல்ல" என்று மூன்று தடவை கேட்டாள்.

ரயில் கணக்கு: 360 கி.மீ., வேகம் 5 கூடினால் 1 மணி மிச்சம். பதினோரு பேரில் எட்டுப் பேருக்கு 40 வந்தது. மூன்று பேர் வரிசையைத் திருப்பி எழுதி x² + 5x + 1800 = 0-இல் மாட்டிக்கொண்டார்கள். மெய்யான மூலமே கிடையாது. இதில் 54 மாதிரி ஏமாற்றும் எண் கிடைக்காததால் அவர்களே அழித்துவிட்டு முதல் வரிக்குத் திரும்பினார்கள்.

பிப்ரவரி 2
பழைய தாள்களில் குழாய்த் தொட்டிக் கணக்கை எடுத்து வைத்தேன். அதிலும் நேரம்தான். காவ்யா இன்று வரவில்லை.