சுவரை நோக்கி நடப்பவருக்குக் கேட்கும் அடிப்பு: டொப்ளர் விளைவும் நிலையான அலையும் எனக்குப் பிடிபட்ட விதம்

க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பௌதிகவியல் முதலாம் வினாத்தாளில் 50 பல்தேர்வு வினாக்களுக்கு 2 மணித்தியாலம் தரப்படுகிறது. அதாவது ஒரு வினாவுக்கு 2 நிமிடமும் 24 செக்கனும் மட்டுமே. கணிப்பானுக்கும் அனுமதி இல்லை. முதல் தடவை நான் தோற்றியபோது அலைகள் அலகில் வந்த வினாக்கள்தான் என் நேரத்தை அதிகம் விழுங்கின. டொப்ளர் விளைவுக்கான சூத்திரம் மனப்பாடமாக இருந்தது. மூடிய குழாயின் அடிப்படைச் சுரத்தில் அலைநீளம் குழாயின் நீளத்தைப் போல் நான்கு மடங்கு என்பதும் தெரிந்திருந்தது. இருந்தும், இரண்டையும் ஒரே வினாவில் சேர்த்துக் கேட்டால் என் கை நின்றுவிடும். இரண்டாம் தடவைக்கு ஆயத்தம் செய்த மாதங்களில் அந்தத் தடங்கல் எங்கே இருந்தது என்பதையும், அது எப்படி நீங்கியது என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

என்னைத் தடுக்கி விழுத்தியது சூத்திரத்தின் குறிகள். ஒலிமுதலும் அவதானியும் ஒருங்கே அசையும் பொதுவான சூத்திரத்தில், மேலே ஒரு குறி, கீழே ஒரு குறி. அவதானியிலிருந்து முதலை நோக்கிய திசை நேர் என்று ஒரு ஆசிரியரிடமும், ஒலி செல்லும் திசை நேர் என்று இன்னொருவரிடமும் படித்திருந்தேன். இரண்டும் சரியான வழிகள்தான். ஆனால் பரீட்சை மண்டபத்தில் ஒன்றின் பாதியையும் மற்றதன் பாதியையும் சேர்த்து எழுதிவிடுவேன். பல்தேர்வு வினாவில் இந்தத் தவறு வெளியே தெரியவும் மாட்டாது, ஏனென்றால் பிழையான குறியால் வரும் எண்ணும் ஐந்து விடைகளுள் ஒன்றாக அங்கே காத்திருக்கும். விடை பொருந்தியதே என்ற நிம்மதியுடன் புள்ளடி இட்டுவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவோம்.

மாதிரி வினாத்தாள் ஒன்றில் இருந்த வினா இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு முனை மூடிய குழாயின் நீளம் 25 சென்றிமீற்றர். வளியில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 340 மீற்றர். 320 ஹேர்ட்ஸ் மீடிறனுடைய ஒலிமுதல் ஒன்று தொலைவில் நிலையாக இருக்கிறது. குழாய் வண்டியொன்றில் ஏற்றப்பட்டு, முதலை நோக்கிக் கொண்டு செல்லப்படுகிறது. குழாய் தன் அடிப்படைச் சுரத்தில் பரிவடைய வண்டியின் வேகம் என்னவாக இருக்க வேண்டும்? முனைத் திருத்தத்தைப் புறக்கணிக்கலாம். விடைகளுள் 20 இருந்தது, 21.25 இருந்தது, எவ்வேகத்திலும் பரிவு ஏற்படாது என்றொரு விடையும் இருந்தது.

நான் அந்தக் கடைசி விடையைத் தெரிவு செய்தேன். அவதானி அசையும்போது அலைநீளம் மாறுவதில்லை என்று படித்திருந்தேன். 340ஐ 320ஆல் வகுத்தால் அலைநீளம் 1.0625 மீற்றர், குழாய்க்குத் தேவையானதோ 1 மீற்றர், ஆகவே இரண்டும் ஒருபோதும் பொருந்தாது என்பது என் தர்க்கம். ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியே சரி. முடிவு மட்டும் பிழை.

அதன் காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. குழாயின் வாய்க்கு வந்து சேரும் அலை, தன் அலைநீளத்தை உள்ளே கொண்டு போவதில்லை. செக்கனுக்கு எத்தனை தடவை வாயிலுள்ள வளியைத் தள்ளுகிறது என்ற எண்ணிக்கையைத்தான் உள்ளே கொடுக்கிறது. குழாயினுள் உள்ள வளி நிரல் குழாயுடனேயே போகிறது. அதைப் பொறுத்தவரை ஒலியின் வேகம் 340தான். வாயில் செக்கனுக்கு 340 தள்ளல்கள் கிடைத்தால், உள்ளே அலைநீளம் தானாகவே 1 மீற்றர் ஆகிவிடும். ஆகவே வெளியிலிருக்கும் அலைநீளத்தைப் பார்க்காமல், வாயில் பெறப்படும் மீடிறனைப் பார்க்க வேண்டும். சுரமானிக் கம்பியின் அலைநீளமும் அது வளியில் எழுப்பும் ஒலியின் அலைநீளமும் ஒன்றல்ல, மீடிறன் மட்டுமே ஒன்று என்று வகுப்பில் சொல்லப்படுவது இதே விடயம்தான். அதை அறிந்திருந்தும் குழாயில் அடையாளம் காணவில்லை.

அதன்பின் சூத்திரத்தை ஒதுக்கிவிட்டு, ஒரு செக்கனில் என்ன நடக்கிறது என்று முகடுகளை எண்ணத் தொடங்கினேன். நிலையான முதல் ஒரு செக்கனில் 320 முகடுகளை வெளிவிடும். அவை 340 மீற்றரில் பரந்திருக்கும். குழாய் u என்ற வேகத்தில் எதிரே போனால், ஒரு செக்கனில் 340 + u மீற்றர் நீளத்தில் உள்ள முகடுகளைச் சந்திக்கும். அந்த எண்ணிக்கை 340 ஆக வேண்டும்.

```
320 (340 + u) / 340 = 340
340 + u = 361.25
u = 21.25
```

அதே வினாவில் குழாய் நிலையாக நின்று முதல் நெருங்கி வந்தால் கதை வேறு. முதல் வெளியிட்ட முதலாவது முகடு ஒரு செக்கனில் 340 மீற்றர் போகும். அதற்குள் முதலும் பின்னாலேயே வந்துவிடும். முதலின் வேகம் 20 ஆயின், 320 முகடுகளும் 320 மீற்றருக்குள் நெருக்கப்பட்டிருக்கும். அலைநீளம் சரியாக 1 மீற்றர், மீடிறன் 340 ஹேர்ட்ஸ். விடை 20. வினாத்தாளில் 20உம் 21.25உம் அடுத்தடுத்து இருந்ததன் காரணம் இப்போது புரிந்தது. அசைவது யார் என்பதைக் கவனிக்காமல் வாசிப்பவரைப் பிரித்தறியவே அந்த இரண்டு எண்களும் அங்கே வைக்கப்பட்டிருந்தன. சூத்திரத்தில் வேகம் ஏன் ஓரிடத்தில் தொகுதியிலும் மற்றோரிடத்தில் பகுதியிலும் வருகிறது என்பதற்கும் இதுவே விடை: அசையும் முதல் அலைநீளத்தை மாற்றுகிறது, அசையும் அவதானி சந்திக்கும் எண்ணிக்கையை மாற்றுகிறார்.

இரண்டு பாடங்களையும் எனக்கு ஒன்றாக்கியது இன்னொரு வகை வினா. ஒலிபெருக்கி ஒன்று சுவரொன்றை நோக்கி நிற்கிறது; இரண்டுக்கும் இடையில் ஒருவர் சுவரை நோக்கி நடக்கிறார்; அவருக்குச் செக்கனுக்கு எத்தனை அடிப்புகள் கேட்கும்? மீடிறன் 680 ஹேர்ட்ஸ், நடை செக்கனுக்கு 1 மீற்றர் என்று கொள்வோம். ஒலிபெருக்கியிலிருந்து நேரே வரும் ஒலியிலிருந்து அவர் விலகிப் போகிறார்; ஆகவே அது 678 ஹேர்ட்ஸாகக் கேட்கும். சுவரில் தெறித்து வரும் ஒலியை நெருங்கிப் போகிறார். அது 682 ஹேர்ட்ஸாகக் கேட்கும். அடிப்பு செக்கனுக்கு 4. நான் இப்படித்தான் செய்துகொண்டிருந்தேன், இது சரியான வழியும்கூட.

ஒரு நாள் இதை நேரில் கேட்டுப் பார்க்க விரும்பினேன். வீட்டு அறைக்குள் முயன்றபோது எல்லாச் சுவர்களிலிருந்தும் ஒலி தெறித்துக் குழப்பியது. ஆகவே பின்வளவில், அயல்வீட்டுடனான மதிலுக்கு எதிரே கதிரையொன்றில் கைபேசியை வைத்து, 680 ஹேர்ட்ஸ் ஒலியைத் தொடர்ந்து எழுப்பச் செய்தேன். ஒரு காதைப் பொத்திக்கொண்டு மதிலை நோக்கி மிக மெதுவாகத் தலையை நகர்த்தினேன். ஒலி கூடியது, குறைந்தது, மீண்டும் கூடியது. ஒரு கூடலுக்கும் அடுத்த கூடலுக்கும் இடையே ஒரு சாணுக்குச் சற்று அதிகமான தூரம். அலைநீளம் அரை மீற்றர். அதன் பாதி 25 சென்றிமீற்றர். நான் நிலையான அலையின் கணுக்களையும் முரண்கணுக்களையும் காதால் தொட்டுக்கொண்டிருந்தேன். குறையும் இடங்களில் ஒலி முற்றாக மறையவில்லை, ஏனென்றால் தெறித்து வரும் ஒலி நேரே வருவதைவிட வலுக் குறைந்தது.

அப்போதுதான் இரண்டும் ஒரே கணக்கு என்பது விளங்கியது. செக்கனுக்கு 1 மீற்றர் நடப்பவர், 25 சென்றிமீற்றருக்கு ஒன்றாக இருக்கும் உரத்த இடங்களைச் செக்கனுக்கு 4 தடவை கடக்கிறார். டொப்ளர் விளைவால் வந்த 682இற்கும் 678இற்கும் இடையிலான வித்தியாசமும் அதே 4. எழுத்தில் எழுதினாலும் இரண்டும் 2u/λ என்றே வரும். தோராயமாக அல்ல, சரியாகவே. ஆகவே இவ்வகை வினாக்களில் ஒரு வழியால் விடை கண்டு, மற்ற வழியால் பத்துச் செக்கனில் சரிபார்க்க முடிந்தது. ஆனால் இந்தச் சமன்பாடு நிலையான முதலுக்கும் நடக்கும் அவதானிக்கும்தான் சரியாகப் பொருந்தும். ஒலிமுதலையே கையில் ஏந்திக்கொண்டு சுவரை நோக்கி நடந்தால் அடிப்பு 2uf/(v − u), அது சிறிதளவு கூடுதலானது.

இங்கே ஒரு பொறியையும் சொல்ல வேண்டும். சுவரில் வளித்துணிக்கைகள் அசைய முடியாது என்பதால் அங்கே இடப்பெயர்ச்சிக் கணு இருக்கிறது. கணு என்றவுடன் அங்கே ஒலி கேட்காது என்று எழுதுவது என் பழக்கமாக இருந்தது. காது உணர்வது அமுக்க மாற்றத்தை. இடப்பெயர்ச்சிக் கணுவில்தான் அமுக்க மாற்றம் உச்சமாக இருக்கும். மதிலோடு காதை ஒட்டி வைத்தபோது ஒலி உரத்துக் கேட்டதை அனுபவித்த பின், அந்தப் பிழையை நான் திரும்பச் செய்யவில்லை.

இரண்டாம் தடவை மண்டபத்தில் இவ்வகையைச் சார்ந்த வினா ஒன்று வந்தது. எண்களைவிட அமைப்புத்தான் எனக்கு நினைவில் இருக்கிறது. சுவர், அதன் முன் எல்லாத் திசையிலும் ஒலி எழுப்பும் நிலையான முதல், நடக்கும் ஒருவர் எல்லாம் வழக்கம்போல் இருந்தன. முதல் வாசிப்பில் 2u/λ என்று எழுதக் கை போய்விட்டது. அதற்குரிய எண் விடைகளிலும் இருந்தது. படத்தைக் கிறுக்கிப் பார்த்தபோதுதான் நடப்பவர் முதலுக்கும் சுவருக்கும் இடையில் இல்லை, முதலுக்கு அப்பால் இருக்கிறார் என்பது தெரிந்தது. அங்கே நேரே வரும் ஒலியும் தெறித்து வரும் ஒலியும் ஒரே திசையில்தான் செல்கின்றன. எதிரெதிராகச் செல்லும் இரண்டு அலைகள் இல்லாத இடத்தில் நிலையான அலை உருவாகாது. கடந்து போகக் கணுக்களும் இல்லை. டொப்ளர் வழியாகப் பார்த்தாலும் அவர் இரண்டு ஒலிகளையும் ஒரே வேகத்தில் நெருங்குகிறார். இரண்டும் ஒரே அளவு உயர்ந்த மீடிறனாகவே கேட்கும். அடிப்பு பூச்சியம். அந்த விடையின் மேல் புள்ளடி இட்டேன். படம் கிறுக்கியதையும் சேர்த்து ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகியிருந்தது.