வட்டிச் சான்றிதழில் பிடித்தம் இருந்தது, 26ஏஎஸ்ஸில் இல்லை: அம்மாவின் 11,440 ரூபாய் திரும்பி வந்த கதை

அம்மா ஓய்வுபெற்ற நர்ஸ். வயது 68. பென்ஷனும் இரண்டு ஃபிக்சட் டெபாசிட்டின் வட்டியும்தான் வருமானம். 2024-25 நிதியாண்டுக்கு அவருடைய வருமான வரி ரிட்டர்னை நான்தான் தாக்கல் செய்தேன். அரை மணி நேர வேலை என்று உட்கார்ந்தேன், இரண்டு மாதம் ஆகிவிட்டது. அலைந்தது நான் மட்டும் இல்லை, முழங்கால் வலியோடு அம்மாவும்தான். அந்த ஆற்றாமை இன்னும் போகவில்லை.

ஒரு டெபாசிட் தஞ்சாவூரில், 9 லட்சம், வட்டி 63,000. இன்னொன்று அதே வங்கியின் பட்டுக்கோட்டைக் கிளையில், அம்மா அங்கே வேலை பார்த்த காலத்துக் கணக்கில், 8 லட்சம். முதிர்வில் மொத்தமாக வாங்கும் வகை. நெட் பேங்கிங்கில் இறக்கிய வட்டிச் சான்றிதழில் தஞ்சாவூர் டெபாசிட் மட்டுமே இருந்தது. பட்டுக்கோட்டைக் கணக்குக்குத் தனி வாடிக்கையாளர் எண் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு வாடிக்கையாளர் எண்ணுக்கும் தனிச் சான்றிதழ்தான் வரும். பழைய கணக்கு வைத்திருக்கும் பெற்றோர் இருந்தால் முதலில் இதைக் கேட்டுப் பாருங்கள்.

ஜூலையில் பட்டுக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். சான்றிதழ் ஐந்து நிமிடத்தில் கிடைத்தது. வட்டி 57,200, அதில் வங்கி பிடித்த வரியான டிடிஎஸ் 11,440. 10 சதவீதம்தானே பிடிக்க வேண்டும், இது 20 சதவீதம் ஆகிறதே என்று கேட்டேன். "சிஸ்டம் பிடிக்குது மேடம், ரிட்டர்ன் போட்டா வந்துடும். இந்த சர்டிஃபிகேட் போதும்" என்றார் கவுன்டரில் இருந்தவர். நம்பி வந்துவிட்டேன்.

போதாது. வீட்டுக்கு வந்து வருமான வரித் தளத்தில், அம்மாவின் பான் எண்ணில் வரவான வரியைக் காட்டும் 26ஏஎஸ் பட்டியலைத் திறந்தால், தஞ்சாவூரில் பிடித்த 6,300 மட்டும் இருந்தது. 11,440-ஐக் காணோம். வட்டிச் சான்றிதழ் என்பது வங்கி தன் கணக்கிலிருந்து எடுத்துத் தரும் தாள். எவ்வளவு வட்டி என்பதற்கு அதுதான் ஆதாரம். ஆனால் பிடித்த வரி நம் பெயரில் வரவு வைக்கப்பட்டதா என்பதை வரித்துறை 26ஏஎஸ்ஸில்தான் பார்க்கும். அங்கே இல்லாத தொகையை ரிட்டர்னில் கேட்டால் பொருந்தவில்லை என்று கழித்துவிடுவார்கள். வரி பிடித்ததற்கான சான்றிதழான படிவம் 16ஏ கொடுங்கள் என்று கேட்டிருந்தால் அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும். அந்தப் படிவம் வரித்துறையின் டிடிஎஸ் தளத்திலிருந்து, பான் எண்ணின் பேரில்தான் உருவாகும். அம்மாவின் பான் எண் அந்தப் பழைய கணக்கில் ஏற்றப்படவே இல்லை. 20 சதவீதம் பிடித்ததற்கும் அதுதான் காரணம். வங்கி பணத்தை அரசுக்குக் கட்டியிருக்கிறது, யாருடையது என்று சொல்லாமல்.

வேறு வழியில்லாமல் அம்மாவையும் கூட்டிக்கொண்டு இரண்டாவது முறை போனேன். பான் அட்டையில் அம்மாவின் பெயரோடு தாத்தா பெயர் முழுதாக இருக்கிறது. கணக்கில் அப்பாவின் இனிஷியல். "பேர் ஒத்துவரலையேம்மா, ஏத்த முடியாது" என்று திருப்பி அனுப்பினார்கள். ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வந்தவருக்கு உட்கார நாற்காலிகூடத் தரவில்லை. அடுத்த வாரம் ஆதார், பென்ஷன் புத்தகம், இரண்டும் ஒரே நபர்தான் என்று அம்மா கையெழுத்திட்ட கடிதம் எல்லாவற்றையும் நேராக மேலாளரிடம் கொண்டுபோனோம். அவர் பத்து நிமிடத்தில் பான் எண்ணை ஏற்றச் சொல்லிவிட்டார். பெயரில் இப்படி வேறுபாடு இருந்தால் இந்தத் தாள்களை முதல் தடவையே எடுத்துப் போங்கள்.

பான் ஏறியதும் 26ஏஎஸ் தானாக மாறிவிடாது. முடிந்த காலாண்டுகளுக்கு வங்கி தன் டிடிஎஸ் ரிட்டர்னைத் திருத்தித் தாக்கல் செய்தால்தான் மாறும். அதற்குத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். வாடிக்கையாளர் எண், டெபாசிட் எண், பான், காலாண்டு வாரியாகப் பிடித்த தொகை எல்லாம் எழுதி, நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டேன். கூடுதலாகப் பிடித்த 10 சதவீதத்தை வங்கி திருப்பித் தராது. பணம் ஏற்கெனவே அரசுக்குப் போய்விட்டது, ரீஃபண்டாகத்தான் வரும்.

ஆகஸ்ட் நடுவில் பார்த்தால் 26ஏஎஸ்ஸில் புதிதாக 2,860 ரூபாய். கடைசிக் காலாண்டை மட்டும் திருத்தியிருக்கிறார்கள்! முத்திரை போட்ட நகல் இங்கேதான் கைகொடுத்தது. அதைப் படம் எடுத்து அனுப்பி, நான்கு காலாண்டையும் எழுதியிருக்கிறேனே என்று மேலாளரிடம் போனில் கேட்டேன். செப்டம்பர் முதல் வாரத்தில் மீதி மூன்றும் வந்தன. நான்கு வரியிலும் நிலைக்கு நேரே F இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். U என்று இருந்தால் வரவு இன்னும் உறுதியாகவில்லை என்று அர்த்தம்.

நல்லவேளை, அந்த ஆண்டு ரிட்டர்ன் தாக்கலுக்கான கடைசித் தேதியை ஜூலை 31-லிருந்து செப்டம்பர் 15-க்குத் தள்ளியிருந்தார்கள்.

ரிட்டர்னில் கவனித்த இரண்டு விஷயங்கள். வட்டியைப் பிடித்தத்துக்கு முந்தைய முழுத்தொகையாகக் காட்ட வேண்டும். 63,000 + 57,200 = 1,20,200. பாஸ்புக்கில் வரவான தொகையைக் கூட்டிப் போட்டால் குறையும். முதிர்வுக்கு இன்னும் காலம் இருக்கிறதே, அந்த 57,200 கைக்கே வரவில்லையே என்று அம்மா கேட்டார். வங்கி வருடாவருடம் வட்டியைச் சேர்த்து வரி பிடிக்கிறது. இந்த வருடத்துப் பிடித்தத்தைத் திரும்பக் கேட்க வேண்டுமென்றால் அதற்குரிய வட்டியையும் இந்த வருடமே காட்டியாக வேண்டும்.

இன்னொன்று ஏஐஎஸ், அதாவது நம் வருமானம் பற்றி வரித்துறைக்கு வந்த தகவல்களின் தொகுப்பு. தஞ்சாவூர் வட்டி 63,000 அங்கே இரண்டு இடத்தில் இருந்தது, டிடிஎஸ் தகவலாக ஒரு முறை, வங்கி தனியாக அனுப்பும் வட்டித் தகவலாக ஒரு முறை. இரண்டு டெபாசிட்டோ என்று கூட்டிவிடாதீர்கள். சான்றிதழில் எத்தனை டெபாசிட், எவ்வளவு வட்டி என்று ஒத்துப்பார்த்தால் தெளிவாகிவிடும்.

அம்மாவின் பென்ஷன் 3,60,000. புதிய வரிமுறையில் நிலையான கழிவு 75,000 போக, வட்டியைச் சேர்த்தால் 4,05,200. அந்த ஆண்டின் வரம்பான 7 லட்சத்துக்குள் இருந்ததால் தள்ளுபடி போக வரி பூஜ்யம். பிடித்த 17,740-ம் ரீஃபண்ட். அக்டோபரில் அம்மா கணக்கில் வட்டியோடு வந்து விழுந்தது. அந்த மெசேஜை அம்மா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். ரீஃபண்டோடு வந்த அந்த வட்டியும் அடுத்த ரிட்டர்னில் வருமானம்தான், மறக்காமல் குறித்து வைத்திருக்கிறேன்.

வரியே வராத அம்மாவுக்கு, வரி பிடிக்க வேண்டாம் என்று வங்கிக்கு எழுதித் தரும் 15எச் படிவத்தைக் கொடுத்திருந்தால் பிடித்தமே இருந்திருக்காது. ஆனால் பான் இல்லாத கணக்கில் 15எச் செல்லாது. அதனால் பான் ஏறிய அன்றைக்கே, நடப்பு ஆண்டுக்கான 15எச்சை இரண்டு வாடிக்கையாளர் எண்ணுக்கும் தனித்தனியாகக் கொடுத்து ஒப்புகை வாங்கிவிட்டேன். இரண்டு எண்களையும் ஒன்றாக்கச் சொல்லிக் கொடுத்த விண்ணப்பம் மட்டும் இன்னும் கிளையில் கிடக்கிறது.